ஏழேகாலா, ஏழேமுக்காலா? காதில் தவறிய சொல்லை மரியாதை குறையாமல் திரும்பக் கேட்பது எப்படி

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் வெளிமாநிலங்களிலிருந்து வந்து சேர்கிறவர்களில் பலர் தமிழை ஆர்வத்தோடு கற்றுக்கொள்கிறார்கள். பெயர்ப்பலகையை வாசிப்பார்கள், பேருந்தில் ஊர் சொல்லிச் சீட்டு வாங்குவார்கள், இந்தக் கட்டுரையையும் மெதுவாகப் படித்துவிடுவார்கள். ஆனால் வீட்டு உரிமையாளர் வாசலில் நின்றபடி நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசிவிட்டால் அதில் ஒன்றரை வாக்கியம்தான் கையில் நிற்கும். புத்தகத்தில் ‘வந்துவிடுகிறேன்’ என்று கற்ற சொல் இங்கே ‘வந்துர்றேன்’ என்றும், ‘கொண்டு வா’ என்பது ‘கொண்டா’ என்றும் சுருங்கி வருவதால், தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகக் காதில் விழுகிறது. அப்போது என்ன கேட்பது, எப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு உறுத்தாது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

திரும்பக் கேட்பதே மரியாதைக் குறைவு என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அது தேவையில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு 12 மொழிகளில் பதிவான இயல்பான உரையாடல்களை ஆராய்ந்தபோது, தாய்மொழிக்காரர்களே சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு தடவை எதையாவது திரும்பக் கேட்டுக்கொள்வது தெரிந்தது. எந்த மொழியிலும் ஆட்கள் ‘என்ன?’ என்று மொத்தமாகக் கேட்பதைவிட, தங்களால் முடிந்த அளவுக்குக் குறிப்பாகக் கேட்கவே முயல்கிறார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன: கிடைத்ததைக் காட்டி, கிடைக்காததை மட்டும் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது, நீங்கள் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சியாகிவிடுகிறது.

முதலில், ‘சரி’யை நிறுத்துங்கள்

புரியாதபோது பலருக்கு வாயில் தானாக வருவது ‘சரிங்க’ என்ற சொல். தமிழில் அது கேட்டுக்கொண்டேன் என்பதோடு நிற்காது, ஒப்புக்கொண்டேன் என்றும் ஆகும். ஆச்சி ஒருவர் ‘அடுத்த மாசத்துலேர்ந்து கரண்ட்டுக்குத் தனியாக் குடுத்துருங்க’ என்று சொல்லி, நீங்கள் பாதி கேட்டுச் ‘சரி ஆச்சி’ என்று தலையாட்டிவிட்டால், அடுத்த மாதம் அந்தப் பணத்தை அவர் எதிர்பார்ப்பதில் தவறே இல்லை. அதற்குப் பிறகு ‘எனக்கு அன்றைக்குப் புரியவில்லை’ என்று சொல்வதுதான் உண்மையில் மனம் கோணும் இடம். ஆகவே ஒரு சொல் தவறியது என்று தெரிந்த உடனே, பேசுகிறவர் மூச்சு விடும் முதல் இடைவெளியில் கேளுங்கள். நான்கு வாக்கியம் தாண்டியபின் முதல் வாக்கியத்துக்குத் திரும்பினால் அவர் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

கேட்கவில்லையா, புரியவில்லையா என்பதைச் சொல்லுங்கள்

எதிரில் இருப்பவருக்கு உங்கள் சிக்கல் காதிலா, பொருளிலா என்று தெரியாது. தெரியாதவரை அவர் தமக்குத் தோன்றியதைச் செய்வார், பெரும்பாலும் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்வார். ஒலி தவறியிருந்தால் ‘சரியாக் காதுல விழலைங்க’ என்று சொல்லுங்கள், அவர் திரும்பச் சொல்வார். ஒலி நன்றாகவே விழுந்து சொல்தான் புதிது என்றால், அந்தச் சொல்லையே எடுத்து ‘-ன்னா என்னங்க?’ என்று சேர்த்துக் கேளுங்கள். ‘வளவுன்னா எந்த இடம் ஆச்சி?’ என்றால் அவர் கையை நீட்டி வீட்டின் நடு முற்றத்தைக் காட்டுவார், அதோடு முடிந்தது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அகராதிப் பழக்கத்தில் பலர் ‘அப்படின்னா என்ன அர்த்தம்?’ என்று கேட்டுவிடுகிறார்கள். இலக்கணப்படி குற்றம் இல்லை. ஆனால் தமிழ் வீடுகளில் சண்டை தொடங்கும் வாக்கியங்களில் அதுவும் ஒன்று, ‘நீ சொன்னதற்கு உள்நோக்கம் என்ன?’ என்றுதான் காதில் விழும். ‘என்ன சொன்னீங்க?’ என்பதும் அப்படித்தான். இறுதியில் குரலை உயர்த்தி, முகத்தில் ஆர்வத்தோடு கேட்டால் அது சாதாரணக் கேள்வி. குரலைத் தாழ்த்தி ‘சொன்னீங்க’ என்பதில் அழுத்தினால் அறைகூவல். இரண்டாம் மொழியில் பேசுகிறவருக்குக் குரலின் ஏற்ற இறக்கம் கடைசியில்தான் பிடிபடும் என்பதால், அந்த வாக்கியத்தைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்துவிட்டு ‘காதுல விழலைங்க’ என்பதையே பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து.

‘நீங்க சொன்னது தெளிவா இல்ல’ என்று ஒருபோதும் தொடங்க வேண்டாம். ‘எனக்குத்தான் பிடிபடல’ என்று சொன்னால் பழி உங்கள் பக்கம் நின்றுவிடும். அருகில் பேருந்து போனாலோ தொலைபேசியில் இரைச்சல் இருந்தாலோ அதைச் சொல்லலாம், ஆனால் உண்மையாக இருந்தால் மட்டும். அமைதியான கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘சத்தமா இருக்கு’ என்றால் யார் நம்புவார்கள்?

தவறிய இடத்தை மட்டும் வெற்றிடமாக நீட்டுங்கள்

கேட்ட பகுதியைத் திரும்பச் சொல்லி, தவறிய இடத்தில் குரலை உயர்த்தி நிறுத்திவிடுங்கள். ‘நாளைக்குக் காலையில ஏழே...?’ என்று நீங்கள் நிறுத்தினால் எதிரில் இருப்பவர் தாமாகவே மீதியை முடித்துவிடுவார். தமிழர்கள் தங்களுக்குள்ளேயே இப்படிக் கேட்டுக்கொள்வதால் இது வெளியூர்க்காரரின் கேள்வியாகவே தெரியாது. தவறியது எந்த வகைச் சொல் என்று தெரிந்தால் அதற்கேற்ற வினாச்சொல்லையும் வைக்கலாம்: ‘யாரு வர்றாங்கன்னு சொன்னீங்க?’, ‘எங்க இறங்கணும்ணே?’ என்பவை, மொத்தமாக ‘என்ன?’ என்பதைவிட எளிதாகப் பதில் பெறும்.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, செய்ய வேண்டுமா வேண்டாமா என்பதும் அந்தக் கடைசியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பேசுகிறவரின் குரலோ அங்கேதான் தாழ்கிறது. பேச்சில் ‘வேணும்’ என்பதற்கும் ‘வேணாம்’ என்பதற்கும் நடுவே இருப்பது ஓர் உயிரொலி மட்டுமே. முன்பகுதி முழுவதும் புரிந்து கடைசி அசை தவறினால், பொருள் நேர்மாறாகப் போய்விடும். ஆகவே எதைத் தவறவிட்டாலும் வாக்கியத்தின் வாலைத் தவறவிட்டால் கட்டாயம் கேளுங்கள்.

புரிந்ததைச் சொல்லிச் சரிபாருங்கள்

ஓரளவு புரிந்து, உறுதி மட்டும் இல்லாதபோது இதுவே எல்லாவற்றிலும் சிறந்த வழி. ‘திரும்பச் சொல்லுங்க’ என்றால் வேலை அவருக்கு. புரிந்ததைச் சொல்லிக் கேட்டால் வேலையில் பெரும்பகுதி உங்களுக்கு. அவர் ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் எப்படிச் சரிபார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

சொல்லின் இறுதியில் ‘ஆ’ சேர்த்து ‘நாளைக்கா?’ என்று கேட்பது எளிது, பெரும்பாலான இடங்களில் குற்றமும் இல்லை. ஆனால் விலை பேசும் இடத்தில் அதையே செய்தால் வேறு பொருள் வந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருட்கள் விற்கும் கடையில் எனாமல் தூக்குவாளி ஒன்றின் விலையைக் கேட்கிறீர்கள், கடைக்காரர் ‘தொள்ளாயிரத்தி அம்பது’ என்கிறார். காதில் விழுந்தது சரிதானா என்று பார்க்க நீங்கள் ‘தொள்ளாயிரத்தி அம்பதா?’ என்று கேட்டால், அவருக்கு அது விலை அதிகம் என்ற வியப்பாகவே கேட்கும். உடனே அந்த வாளி எவ்வளவு பழையது, இப்போது எங்கேயும் கிடைக்காது என்று விளக்கத் தொடங்குவார், அல்லது ஐம்பது ரூபாய் குறைப்பார். நீங்கள் பேரம் பேச நினைத்திருந்தால் நல்லதுதான். வெறுமனே தொகையை உறுதி செய்ய வேண்டுமென்றால் ‘தொள்ளாயிரத்தி அம்பதுதானேண்ணே?’ என்று ‘தானே’ சேர்த்துக் கேளுங்கள், வியப்பின் சாயல் போய்விடும். எண்ணே குழப்புகிறது என்றால் கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டிவிடலாம். ‘தொண்ணூறு’ என்பதில் ‘நூறு’ போல ஒன்று காதில் விழுந்தாலும் அது 90 மட்டுமே, ‘தொள்ளாயிரம்’ என்பதில் ‘ஆயிரம்’ விழுந்தாலும் அது 900 மட்டுமே என்பதால், இந்த இரண்டிலும் புதியவர்கள் தடுமாறுவது வழக்கம்.

நேரத்துக்கும் தேதிக்கும் ‘தானே’ போதாது. ‘ஏழேகால்தானே?’ என்று கேட்டால், வேறு வேலையில் இருப்பவர் பாதி கேட்டு ‘ம்’ என்று விடுவார், அந்த ‘ம்’ எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் எடுத்து முன்வையுங்கள்: ‘ஏழேகாலா, ஏழேமுக்காலா?’ இப்போது அவர் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘நாளைக்கா, நாளன்னைக்கா?’ என்பதும் இதே வகை.

எதிர்மறையில் மட்டும் கேட்காதீர்கள். ‘நான் போட வேணாமா?’ என்று கேட்டு ‘ஆமா’ என்று பதில் வந்தால், தமிழில் பெரும்பாலும் அது ‘ஆமாம், வேண்டாம்’ என்றே பொருள்படும். உங்கள் தாய்மொழியில் அது நேர்மாறாக இருக்கலாம். ‘நான் போடணுமா, வேணாமா?’ என்று இரண்டையும் வைத்துக் கேட்டால் அந்தக் குழப்பத்துக்கே இடம் இல்லை.

ஓர் உரையாடல், வரி வரியாக

ஒடிசாவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் வீட்டுக்கார ஆச்சி வந்து சொல்கிறார்: ‘தம்பி, நாளைக்குக் காலையில ஏழேமுக்காலுக்குத் தண்ணி நின்னுரும், அதுக்குள்ள பிடிச்சு வச்சிக்கங்க. மோட்டார நான் வந்து போட்டுக்கிறேன், நீங்க போட வேணாம்.’

மாணவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: நாளை காலை, ஏழே என்னவோ கால், தண்ணீர், வைத்துக்கொள்வது, மோட்டார், ‘நீங்க போட’. ‘முக்’ என்ற அசை நடுவில் கரைந்துவிட்டது, ‘நின்னுரும்’ என்பது ‘நின்றுவிடும்’ என்று தெரியவில்லை, வாக்கியத்தின் வால் போய்விட்டது. அவர் ‘என்ன?’ என்று மட்டும் கேட்டால் ஆச்சி நான்கு செய்தியையும் அதே வேகத்தில் திரும்பச் சொல்வார், அதே மூன்று இடங்களில் அதே மூன்றும் தவறும்.

அவர் இப்படிக் கேட்கிறார்: ‘ஆச்சி, ஒரு நிமிஷம். எனக்கு நேரம் சரியாக் காதுல விழல. ஏழேகாலா, ஏழேமுக்காலா?’ ஆச்சி ‘முக்கால், முக்கால்’ என்கிறார். முதல் இடம் தீர்ந்தது. ‘நின்னுரும்னா என்ன ஆச்சி? தண்ணி வருமா, வராதா?’ என்று அடுத்ததைக் கேட்கிறார். ‘வராதுப்பா, குழாயில வராது’ என்று பதில். சொல்லின் பொருளை மட்டும் கேட்காமல் இரண்டு வழியையும் சேர்த்துக் கேட்டதால், அவர் விளக்கம் சொல்லத் திணற வேண்டியிருக்கவில்லை. கடைசியாக, ‘மோட்டார் நான் போடணுமா, வேணாமா?’ ‘வேணாம் தம்பி, நான் வருவேன்.’ பிறகு அவர் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: ‘அப்போ ஏழேமுக்காலுக்குள்ள நான் தண்ணி பிடிச்சு வச்சிக்கிறேன், மோட்டார நீங்க வந்து போடுவீங்க.’ ஆச்சி ‘ஆமா’ என்கிறார். இந்த இடத்தில் வரும் ‘சரி ஆச்சி’தான் சொல்ல வேண்டிய ‘சரி’.

மூன்று கேள்வி கேட்டது அதிகமாகத் தோன்றலாம். அவை மூன்றும் வெவ்வேறு இடத்தைத் தொட்டதால் ஆச்சிக்கு அலுப்புத் தட்டவில்லை. ஒரே இடத்தை மூன்று முறை கேட்பதுதான் அலுக்கும். இரண்டாவது முறையும் பிடிபடவில்லை என்றால் வழியை மாற்றுங்கள்: ‘ஒரு தடவ எழுதிக் காட்டுறீங்களா?’ என்று கேளுங்கள், அல்லது எண்ணாக இருந்தால் விரலில் காட்டச் சொல்லுங்கள்.

உறவுச்சொல்லும் ‘ங்க’வும்

தமிழில் மரியாதையின் எடையைச் சுமப்பது பெரும்பாலும் இவை இரண்டும்தான். நகரத்தார் வீடுகளில் மணமான, வயதில் மூத்த பெண்களை ‘ஆச்சி’ என்பார்கள். ஆனால் ஊரில் பார்க்கும் எல்லாப் பெண்களையும் அப்படி அழைக்க வேண்டாம். காய்கறிக் கடையில் ‘அக்கா’, ஆட்டோவில் ‘அண்ணே’, பெரியவர்களிடம் ‘ஐயா’ அல்லது ‘அம்மா’, அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்றால் எங்கும் பொருந்தும். கேள்விக்கு முன்னால் வரும் உறவுச்சொல் அவர் கவனத்தைத் திருப்புகிறது, பின்னால் வருவது கேள்வியை மென்மையாக்குகிறது. வெறும் ‘என்ன?’ என்பதற்கும் ‘என்னக்கா?’ என்பதற்கும் உள்ள தூரம் அதிகம். வேண்டுகோளாகக் கேட்கும்போது ‘கொஞ்சம்’ சேர்த்து ‘கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கக்கா’ என்று சொன்னால் போதும்.

‘தயவுசெய்து’ என்பதைப் பேச்சில் தவிர்த்துவிடுங்கள். அறிவிப்புப் பலகையில் அது பணிவு. வாயால் சொல்லும்போது பொறுமை இழந்தவர் சொல்வது போலவும், சில நேரம் கெஞ்சுவது போலவும் ஒலிக்கும். ‘மன்னிச்சிருங்க’ என்பதும் ஒரு சொல்லைத் திரும்பக் கேட்பதற்கு மிகப் பெரிது. ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டால் எதிரில் இருப்பவர் ‘அதனால என்ன, பரவால்ல’ என்று உங்களைத் தேற்றுவதில் நேரம் போய், சொல்ல வந்த செய்தி நின்றுவிடும்.

நீங்கள் கேட்ட விதம் உறுத்திவிட்டதா என்பதைப் பதிலிலிருந்தே அறியலாம். ‘இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா...’ என்று அவர் காரணம் சொல்லத் தொடங்கினால், உங்கள் கேள்வி மறுப்பாக விழுந்திருக்கிறது. ‘ஒண்ணுமில்ல, விடுங்க’ என்று முடித்துக்கொண்டால் அவர் சலித்துவிட்டார் என்று பொருள். இரண்டிலும் உடனே ‘இல்லைங்க, எனக்குத் தமிழ் கொஞ்சம்தான், அதான் கேட்டேன்’ என்று ஒரு வரி சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த வரியை உரையாடலின் தொடக்கத்திலேயே சொல்வதில் ஒரு தீமை உண்டு: பலர் அதைக் கேட்டதும் ஆங்கிலத்துக்கோ அரைகுறை இந்திக்கோ மாறிவிடுவார்கள். அப்போது ‘தமிழ்லயே சொல்லுங்க, மெதுவாச் சொன்னாப் போதும்’ என்று கேட்டுக்கொள்ளலாம், யாரும் மறுப்பதில்லை. பெரும்பாலோருக்கு அது மகிழ்ச்சியே தரும்.

கூட்டத்திலும் மருந்துக்கடையிலும்

கல்யாண வீட்டிலோ முன்னோருக்குப் படையல் இடும் படைப்பு வீட்டிலோ பலர் சேர்ந்து பேசும்போது இந்தப் படிகள் எல்லாம் பாதிதான் வேலை செய்யும். பெரியவர் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திச் சொல் கேட்பது உண்மையிலேயே இடையூறு. பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேளுங்கள், அல்லது தவறிய சொல்லை மட்டும் நினைவில் வைத்து, கதை முடிந்தபின் கேளுங்கள். எல்லாரும் சிரிக்கும்போது சிரிப்பின் காரணம் தெரியாவிட்டாலும் நட்டம் ஒன்றுமில்லை, அதை விட்டுவிடலாம்.

விட்டுவிடக் கூடாத இடங்கள் சில உண்டு. வாடகை ஒப்பந்தம், முன்பணம், மருந்து ஆகியவற்றில் காதை நம்பாமல் எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் ‘சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?’, ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவ?’ என்று கேட்டபின், ‘அட்டையிலயே எழுதிக் குடுத்துருங்கண்ணே’ என்று சொன்னால் கடைக்காரர் மாத்திரை அட்டையின் மேலோ உறையின் மேலோ எழுதித் தருவார். அதை அங்கேயே நின்று அவர் எதிரில் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர் கையெழுத்து புரியாவிட்டாலும் அப்போதே கேட்டுவிடலாம்.